சவுதியிலிருந்து உடல் வரும்வரை: கடிதம், நாள் கணக்கு, கருமாதி

"என் அக்கா வீட்டுக்காரர் சவுதி ஜுபைலில் ரூமில் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். இன்றோடு நாலு நாள். கம்பெனிக்காரர்கள் 'அனுப்பிவிடுகிறோம், வீட்டிலிருந்து ஒரு லெட்டர் வேண்டும்' என்கிறார்கள். என்ன லெட்டர், எத்தனை நாள் ஆகும், பெட்டியைப் பிரித்துச் சடங்கு செய்யலாமா? பதினாறை இறந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று பங்காளிகள் சொல்கிறார்கள். எங்களுக்கு மன்னார்குடி பக்கம்."

தம்பி, முதலில் அந்த லெட்டர். இன்றைக்கே ஆக வேண்டியது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அங்கே நடக்க வேண்டிய வேலை.

எழுதித் தர வேண்டியவர் உங்கள் அக்கா. மாமாவின் அப்பா அம்மா இருந்தால் அவர்களும், பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைகள் இருந்தால் அவர்களும் சம்மதித்துக் கையெழுத்துப் போடட்டும். முத்திரைத்தாளில், ஆங்கிலத்தில், நோட்டரி முத்திரையோடு இருக்க வேண்டும். அதில் மாமா பெயர், பாஸ்போர்ட் எண், சவுதி வசிப்பிட அட்டையான இக்காமாவின் எண், இறந்த தேதி, கம்பெனி பெயர், உடலை ஊருக்கு அனுப்பச் சம்மதம் என்ற வரி, அங்கே நின்று வேலை பார்க்கப்போகிறவரின் பெயரும் அவருடைய இக்காமா எண்ணும் கைபேசி எண்ணும், இங்கே பெட்டியை வாங்கப்போகிறவர் பெயர், இவ்வளவுதான். எந்த விமான நிலையம் என்பதையும் எழுதுங்கள். சவுதி தொழிலாளர் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி உடலைப் பதப்படுத்தி அனுப்பும் செலவு கம்பெனியுடையது. ஆனால் அந்தச் சட்டம் சொல்லும் இடம், ஒப்பந்தம் போட்ட ஊர் அல்லது ஆளை எடுத்த ஊர். மும்பை ஏஜென்ட் மூலம் போனவர் என்றால் மும்பை வரைதான் எங்கள் பொறுப்பு என்று சொல்ல இடமிருக்கிறது, அதனால் 'திருச்சி, முடியாவிட்டால் சென்னை' என்று கடிதத்திலேயே போட்டுவிட்டால் அப்புறம் பேச்சு குறையும்.

பெயர் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். பதினாறு வருஷம் தம்மாமில் இருந்தவன் நான், அறைத் தோழர்கள் யாராவது இறந்தால் இந்தக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்த கூட்டத்தில் நானும் ஒருவன். ஒரு தடவை, திருத்துறைப்பூண்டி பக்கத்துப் பையனுக்கு, வீட்டார் ஆதாரில் உள்ளபடி இனிஷியல் போட்டுக் கடிதம் அனுப்பிவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? புதுக் கடிதம் எழுதி, நோட்டரி போட்டு, திரும்ப அனுப்பி, நாலு நாள் போனது. ஆகவே பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை எதிரில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்து அடியுங்கள். கூப்பிடும் பெயர், வீட்டுப் பெயர் எதுவும் வேண்டாம்.

இன்னொன்று. கம்பெனி தானே ஒரு மாதிரிக் கடிதம் அனுப்பி, அதில் 'சம்பள பாக்கி எல்லாம் பெற்றுக்கொண்டோம்' என்று நடுவில் ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். உடலுக்கு ஒரு கடிதம், பாக்கிக்குத் தனிக் கடிதம். சம்பள பாக்கி, சர்வீஸ் பணம் எல்லாம் வாரிசுச் சான்றிதழ் கையில் வந்த பிறகு தூதரகம் வழியாகவே கேட்கலாம், அவசரமில்லை.

கடிதத்தை வாட்ஸ்அப்பில் ஸ்கேனாக அனுப்பிவிட்டு, அசலை கூரியரில் போடுங்கள். அன்றைக்கே madad.gov.in தளத்தில் ஒரு புகார் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ரியாத் தூதரகத்தில் அந்த எண்ணைச் சொன்னால் கோப்பைத் தேடுவது சுலபம். திருவாரூர் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மனுவும் கொடுங்கள், அது அயலகத் தமிழர் நலத் துறைக்குப் போகும். கம்பெனி கைவிரித்தாலோ, மாமா ஓடிப்போனவர் என்று 'ஹுரூப்' போட்டிருந்தாலோ தூதரகத்தில் ஐ.சி.டபிள்யூ.எஃப். என்ற இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. வசதியில்லாத குடும்பம் என்றால் உடல் அனுப்பும் செலவை அதிலிருந்து கொடுப்பார்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

இனி எத்தனை நாள் என்பது. மருத்துவமனையில் இறந்தவருக்கும் ரூமில் இறந்தவருக்கும் இங்கேதான் வித்தியாசம். ரூமில் என்றால் முதலில் போலீஸ் வரும், உடல் மருத்துவமனை பிணவறைக்குப் போகும், இயற்கை மரணம்தான் என்று மருத்துவ அறிக்கை வந்து, விசாரணை முடிந்து போலீஸ் கடிதம் கொடுத்தால்தான் அடுத்தது நகரும். அந்த அறிக்கைகளும் உங்கள் கடிதமும் சேர்ந்தால் தூதரகம் தடையின்மைச் சான்று தரும், பாஸ்போர்ட்டை ரத்து செய்யும். அப்புறம் சவுதி இறப்புச் சான்றிதழ், இறுதி எக்ஸிட் விசா, பதப்படுத்துதல், கடைசியாகச் சரக்கு விமானப் பதிவு. ஒன்று முடியாமல் இன்னொன்று ஆரம்பிக்காது, அதனால் ஒரே நாளில் நாலு பேரை நாலு ஆபீசுக்கு அனுப்பி முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

நான் கூட நின்று பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அதுவும் ரூம் மரணம்தான், புதன் இரவு. வியாழன் போலீசோடு போனது. வெள்ளி, சனி அங்கே விடுமுறை, ஆனால் வீட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமையே கடிதத்தை முடித்து அனுப்பிவிட்டார்கள். மருத்துவ அறிக்கை அடுத்த திங்கள், தூதரகச் சான்று புதன், மறுபடி வெள்ளி சனி, இறப்புச் சான்றும் எக்ஸிட்டும் ஞாயிறு, பதப்படுத்தியது செவ்வாய், விமானம் புதன் இரவு. வியாழன் காலை திருச்சியில் பெட்டியை வாங்கும்போது இறந்த நாளிலிருந்து எண்ணினால் சரியாகப் பதினாறாம் நாள். கடிதம் ஒரு வாரம் தாமதித்திருந்தால் எல்லாமே ஒரு வாரம் தள்ளியிருக்கும். சந்தேக மரணம், விபத்து வழக்கு என்றால் மாதக்கணக்கில் போனதையும் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு இரண்டு மூன்று வாரம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள், பந்தலை இப்போதே போட வேண்டாம்.

விமானம் ஏறும் முன் கார்கோ ஏஜென்டிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ecare.mohfw.gov.in தளத்தில் பதிந்தாயிற்றா? வெளிநாட்டிலிருந்து வரும் உடலுக்கு விமான நிலையச் சுகாதார அதிகாரி அனுமதி தர வேண்டும், 2023 முதல் அது இந்தத் தளத்தில் நடக்கிறது. இறப்புச் சான்று, பதப்படுத்திய சான்று, தூதரகச் சான்று, ரத்தான பாஸ்போர்ட் நகல், இந்த நாலும் ஏற்ற வேண்டும். திருச்சிக்குப் போகும்போது பயணிகள் வெளியே வரும் வாசலில் நிற்காதீர்கள், சரக்குப் பகுதிக்குப் போங்கள். கடிதத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே, ஆதார் அசலோடும், ஏர்வே பில் என்கிற விமானச் சரக்கு ரசீதின் எண்ணோடும் போக வேண்டும். அங்கிருந்து மன்னார்குடி கிட்டத்தட்ட 95 கிலோமீட்டர். காலையில் வந்தால் அன்றைக்கே பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடலாம். சென்னைக்கு வந்தால் வண்டி வந்து சேரவே ஏழு எட்டு மணி நேரம் ஆகும், இரவில் எரிப்பதில்லை என்கிற வீடானால் மறுநாள் காலைக்குத் திட்டமிடுங்கள்.

பெட்டி விஷயம். வெளியே மரம், உள்ளே ஈயம் வைத்துப் பற்றவைத்த துத்தநாகத் தகடு. திருகாணி கழற்றினால் திறந்துவிடும் என்று நினைத்து கூட்டத்துக்கு நடுவில் கடப்பாரையோடு நின்ற வீடுகள் உண்டு. தகடு வெட்டும் கத்தரியோடு ஒரு ஆளை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், வாசலில் வேண்டாம், ஒதுக்குப்புறமாக மறைப்பு கட்டிப் பிரியுங்கள். முதலில் நீங்களோ வேறு ஒரு ஆம்பளையோ முகத்தைப் பாருங்கள். இரண்டு வாரம் குளிரில் இருந்து மருந்து ஏறிய முகம் கறுத்திருக்கும், வீங்கியும் இருக்கலாம், மருந்து நெடி கண்ணைக் கரிக்கும். ஆள் மாமாதானா என்று அடையாளம் சரிபார்ப்பதும் அந்த நேரத்தில்தான். அப்புறம் அக்காவிடம் சொல்லி, அவர் பார்க்க வேண்டும் என்றால் பார்க்கட்டும்.

குளிப்பாட்டுவது வழக்கம்போல முடியாது. சுற்றிய துணியை அவிழ்க்காதீர்கள், உள்ளே தையல் இருக்கும். எண்ணெய் சீயக்காயை நெற்றியில் தொட்டு வைத்து, நீர்மாலைத் தண்ணீரைத் தெளித்தால் போதும், எங்கள் பக்கம் அப்படித்தான் செய்கிறோம். வாய்க்கரிசி, கொள்ளிக்குடம் எல்லாம் உண்டு. பெட்டியிலிருந்து துணியோடு தூக்கிப் பாடையில் வையுங்கள், பிளாஸ்டிக் உறையை மட்டும் எடுத்துவிடுங்கள். தகடோடு எரிவாயு தகன மேடைக்கும் கொண்டுபோக முடியாது, சிதையிலும் வைக்க முடியாது. வரட்டி மூட்டம் என்றால், பதப்படுத்திய உடல் என்று வெட்டியானிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், வரட்டியும் விறகும் கூடுதலாக வைத்துக்கொள்வார்.

பதினாறுக்கு வருவோம். உங்கள் பங்காளிகள் சொல்வது தப்பில்லை, ஆனால் அது உடல் கையில் இருக்கும் வீட்டுக் கணக்கு. அங்கே இறந்த நாளும் எரித்த நாளும் ஒன்றாகவோ அடுத்தடுத்தோ வந்துவிடும், பிரச்சினை எழாது. உடல் தள்ளி வரும்போது டெல்டாவில் பெரும்பாலான வீடுகளில் எரித்த நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள்: மறுநாள் பால் தெளிப்பு, பதினாறாம் நாள் கருமாதி. பதினாறாம் நாள் பெட்டி வந்தது என்று நான் சொன்ன அந்த வீட்டிலும் அன்றே கருமாதியை முடித்துவிடலாம் என்று இரண்டு பேர் நின்றார்கள். எரியாத உடலுக்கு எப்படிக் கருமாதி என்று புரோகிதர் கேட்டதும் அடங்கிவிட்டார்கள். ஐயர் வீடுகளில் கணக்கு வேறு, அங்கே சாஸ்திரிகள் சொல்வதுதான். உங்கள் வீட்டுப் புரோகிதரிடம் உடல் வருவதற்கு முன்பே கேட்டு, பங்காளிகளை உட்கார வைத்து முடிவு பண்ணிவிடுங்கள், பிணத்தை வைத்துக்கொண்டு பேச வேண்டாம். அதுவரை அக்காவைத் தாலி கழற்றச் சொல்லி யாராவது ஆரம்பித்தால் நீங்கள் குறுக்கே நில்லுங்கள்.

திதி மட்டும் இறந்த நேரத்துக்குத்தான். சவுதி நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். மருத்துவ அறிக்கையில் இரவு 11 என்றிருந்தால் இங்கே அது மறுநாள் அதிகாலை 1.30. அந்த நேரத்தைப் பஞ்சாங்கத்தில் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வருஷா வருஷம் தப்பான திதியில் படைப்பீர்கள்.

கடைசியாக, கருமாதி வேலையில் மறந்துவிடும் ஒன்று. பெட்டியோடு வரும் உறையில் சவுதி இறப்புச் சான்றும் ரத்தான பாஸ்போர்ட்டும் இருக்கும், இரண்டையும் அக்காவிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஊரில் எரித்ததால் ஊரிலேயே இறந்ததாகப் பஞ்சாயத்தில் எழுதி வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் இறந்த இந்தியருக்கு இறப்பைப் பதிவு செய்து சான்று தருவது அங்குள்ள இந்தியத் தூதரகம். ஒரே ஆளுக்கு இரண்டு ஊரில் இரண்டு சான்று இருந்தால் வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் நிறுத்துவார்கள், சவுதி பாக்கிப் பணமும் அங்கேயே நின்றுவிடும்.