கோடு ரோட்டின் மேல் போனால் வீடு எந்தப் பக்கம்?

"அக்கா, நாங்கள் ஆக்லாந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. மகள் அடுத்த ஆண்டு இயர் 9 சேர வேண்டும். வாடகைக்கு ஒரு வீடு பிடித்திருக்கிறது, விளம்பரத்தில் 'கிராமர் ஜோன்' என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் மேப்பில் பள்ளியின் எல்லைக்கோடு வீட்டு வாசல் ரோட்டின் மேலேயே போகிறது. உள்ளே என்று எடுத்துக்கொள்ளலாமா? வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்."

முதலில் மேப்பை மூடிவிடுங்கள். யாரை எந்த வரிசையில் சேர்ப்பார்கள் என்று எழுதியிருக்கும், அந்தப் பள்ளியின் என்ரோல்மென்ட் ஸ்கீம் என்ற ஆவணத்தைத் தேடி எடுங்கள். நியூசிலாந்தில் ஒரு பள்ளியின் 'ஹோம் ஜோன்', அதாவது அங்கே குடியிருந்தால் அந்தப் பள்ளியில் சேர உரிமை தரும் பகுதி, எழுத்தில்தான் வரையறுக்கப்படுகிறது. எந்த முகவரியைச் சொன்னாலும் அது உள்ளேயா வெளியேயா என்று அந்த எழுத்தை வைத்துத் தீர்மானிக்க முடிய வேண்டும் என்பது சட்டம். இப்போது நடப்பில் இருப்பது 2020ஆம் ஆண்டின் கல்வி, பயிற்சிச் சட்டம். மேப் அந்த எழுத்தைப் பார்த்து வரைந்த படம், அவ்வளவுதான். வரைபவர் ரோட்டின் நடுவே கோட்டை இழுத்துவிட்டுப் போய்விடுவார். ரோட்டின் நடுவே யாரும் குடியிருப்பதில்லையே.

ஆவணத்தை எடுப்பது கஷ்டமில்லை. educationcounts.govt.nz தளத்தில் Find a School பக்கத்தில் பள்ளியின் பெயரைத் தேடினால், அதற்கு ஸ்கீம் இருக்கிறதா இல்லையா என்று தெரியும், ஜோன் படமும் வரும். ஸ்கீம் இல்லாத பள்ளி என்றால் எல்லைப் பேச்சே இல்லை. இருந்தால், முழு வாசகம் பெரும்பாலும் பள்ளியின் சொந்தத் தளத்தில் என்ரோல்மென்ட் பகுதியில் பி.டி.எஃப். ஆகக் கிடக்கும். கிடைக்கவில்லை என்றால் பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள், கொடுப்பார்கள்.

அந்த வாசகத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். வழி தெரியாதவருக்கு ஒருவர் ரோட்டுக்கு ரோடு வழி சொல்வதைப் போல இருக்கும். இந்தச் சந்திப்பில் தொடங்கி, இந்த ரோட்டில் கிழக்கே போய், அந்த ரவுண்டபவுட்டில் தெற்கே திரும்பி என்று ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து புறப்பட்ட இடத்திலேயே முடியும். உங்களுக்கு வேண்டியது ஒவ்வொரு ரோட்டின் பெயருக்கும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன வார்த்தைகள்தான். 'இரண்டு பக்கமும்', 'ஒற்றைப்படை எண்கள் மட்டும்', 'இத்தனையாம் எண் முதல் இத்தனையாம் எண் வரை' என்று எழுதியிருப்பார்கள். உங்கள் ரோடு வரும் வரியில் 'இரண்டு பக்கமும்' என்று இருந்தால், படத்தில் உங்கள் வீடு கோட்டுக்கு வெளியே தெரிந்தாலும் நீங்கள் உள்ளேதான். 'இரட்டைப்படை மட்டும்' என்று இருந்து உங்கள் வீட்டு எண் 31 என்றால், கோட்டை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் வெளியேதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் மகனுக்காக வீடு பார்த்தபோது ஏஜென்ட் ஜோனுக்குள் என்று சொன்னார், மேப்பிலும் கோடு வாசல் வழியாகத்தான் போனது. எங்கள் வீட்டு எண் 68. பக்கத்து வீட்டுப் பையன் தினமும் அந்தப் பள்ளிச் சீருடையில் போய்க்கொண்டிருந்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். பள்ளிக்குப் போனால், அலுவலகத்தில் இருந்த அம்மா ஸ்கீமை எடுத்து விரலை வைத்துக் காட்டினார். ரவுண்டபவுட் வரை இரண்டு பக்கமும், அதற்கு அப்பால் ஒற்றைப்படை எண்கள் மட்டும். எங்கள் வீடு ரவுண்டபவுட்டைத் தாண்டி மூன்றாவது. எதிர்வீடு உள்ளே, நாங்கள் வெளியே. பக்கத்து வீட்டுப் பையன் எப்படிச் சேர்ந்தான் என்று பிறகு கேட்டேன். அவனுடைய அக்கா அங்கே படித்துக்கொண்டிருந்ததால், வெளியிலிருந்து வருபவர்களில் முன்னுரிமை கிடைத்துச் சேர்ந்திருக்கிறான். சீருடையைப் பார்த்து ஜோனை முடிவு செய்தது எங்கள் முட்டாள்தனம். மகன் வேறொரு பள்ளிக்குப் போனான், நன்றாகவே படித்தான், அது வேறு கதை.

உங்கள் வீட்டுக்கு இன்னும் இரண்டு இடங்களில் சந்தேகம் வரலாம். ஒன்று, மூலை வீடு. வாசல் ஒரு ரோட்டில் திறந்தாலும் பதிவான முகவரி இன்னொரு ரோட்டில் இருக்கும். பள்ளி பார்ப்பது முகவரியைத்தான். ஒப்பந்தத்தில் என்ன முகவரி எழுதப்போகிறார்கள் என்று கேட்டு அதையே ஸ்கீமில் தேடுங்கள். 2/68 மாதிரி பின்வீட்டு எண் என்றாலும் கணக்கு 68க்குத்தான். மற்றொன்று, எல்லை ரோட்டிலிருந்து பிரிந்து போகும் முட்டுச்சந்து. பல ஸ்கீம்களின் கடைசியில் இதற்கென்றே ஒரு வரி இருக்கும். எல்லை ரோடுகளின் சேர்க்கப்பட்ட பக்கத்து வீடுகளும், அந்த ரோடுகளிலிருந்து பிரியும் முட்டுச்சந்துகளும், வேறு விதமாகச் சொல்லாத வரை ஜோனில் அடங்கும் என்ற பொருளில் எழுதியிருப்பார்கள். வார்த்தை பள்ளிக்குப் பள்ளி கொஞ்சம் மாறும். சேராத பக்கத்தில் இருக்கும் சந்து என்றால் இந்த வரியை நீங்களே உங்களுக்குச் சாதகமாகப் படித்துக்கொள்ளாமல் பள்ளியைக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்தக் 'கிராமர் ஜோன்' என்ற வார்த்தை. எந்தக் கிராமர்? ஆக்லாந்து கிராமர் ஆண்கள் பள்ளி. எப்சம் கேர்ள்ஸ் கிராமர் பெண்கள் பள்ளி. இரண்டின் ஜோனும் ஒன்றல்ல, ஒன்றின் மேல் ஒன்று விழும் பகுதியைத்தான் வீட்டு விளம்பரங்களில் 'டபுள் கிராமர் ஜோன்' என்று விற்கிறார்கள். மவுண்ட் ஆல்பர்ட் கிராமர், டாகபூனா கிராமர் என்று இருபாலரும் படிக்கும் பள்ளிகளும் இருக்கின்றன, அவற்றுக்குத் தனித்தனி ஜோன். உங்களுக்குப் பெண் பிள்ளை. விளம்பரம் ஆண்கள் பள்ளியை மனதில் வைத்து எழுதப்பட்டது என்றால், அந்த வார்த்தைக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் வாடகை வீண். ஏஜென்டிடம் பள்ளியின் முழுப் பெயரைக் கேளுங்கள்.

தேதியையும் பாருங்கள். எல்லைகள் மாறுகின்றன, மாறும்போது புதிய ஸ்கீம் எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்று குறிப்பிடுவார்கள். உங்கள் மகள் சேர்வது அடுத்த ஆண்டு என்பதால், இன்று உள்ளே இருக்கிறதா என்று கேட்பது பாதிக் கேள்விதான். இணையத்தில் கிடைக்கும் பழைய பி.டி.எஃப். ஒன்றை வைத்துக்கொண்டு முடிவெடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வீட்டு விளம்பரத் தளங்களில் ஜோன் என்று காட்டும் வண்ணத்தையும் இதே கண்ணோடு பாருங்கள்.

உள்ளே என்று உறுதியானால் நிம்மதிதான். ஜோனுக்குள் குடியிருக்கும் உள்நாட்டு மாணவருக்கு ஆண்டின் எந்த நாளிலும் அந்தப் பள்ளியில் சேர உரிமை உண்டு, இடம் நிரம்பிவிட்டது என்று திருப்பி அனுப்ப முடியாது. வெளியே என்றால் முன்னுரிமை வரிசை, அதற்கு மேல் குலுக்கல், அதற்கென்று குறித்த கடைசித் தேதி. வேலை விசாவில் வந்தவர்களின் பிள்ளைகள் அதற்குரிய மாணவர் விசா எடுத்திருந்தால் உள்நாட்டு மாணவராகத்தான் எண்ணப்படுவார்கள், ஆகவே விண்ணப்பத்தோடு விசா நகலையும் கேட்பார்கள்.

இனி, நம்மவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம். முகவரி ஜோனுக்குள் இருந்தால் மட்டும் போதாது, பள்ளி நடக்கும் நாட்களில் பிள்ளை வழக்கமாகக் குடியிருக்கும் இடமாக அது இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது உள்ளே இருந்துவிட்டு, பள்ளி தொடங்கும் முதல் நாளுக்கு முன் வெளியே குடிபெயர்ந்தால் உரிமை போய்விடும். சித்தப்பா வீட்டு முகவரியைக் கொடுத்துச் சேர்த்துவிடலாம் என்று யாராவது உங்களுக்கு யோசனை சொல்வார்கள், நிச்சயம் சொல்வார்கள். ஸ்கீம் ஆவணங்களிலேயே அதை எடுத்துக்காட்டாகப் போட்டு எச்சரித்திருக்கிறார்கள்: உறவினர், நண்பர் முகவரியை வசதிக்காகக் காட்டுவது, கொஞ்ச நாளைக்கு மட்டும் உள்ளே வாடகைக்கு இருப்பது, பிள்ளையைத் தற்காலிகமாக அங்கே தங்கவைப்பது. பள்ளிக்குச் சந்தேகம் வந்தால் விளக்கம் கேட்கும், 10 நாளில் திருப்தியான பதில் இல்லை என்றால் சேர்க்கையை ரத்து செய்யலாம். உண்மையாகவே குடியிருந்து, பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு வேலை மாறியோ வீட்டுக்காரர் விற்றோ வெளியே போக நேர்ந்தால் அது வேறு. அப்போது காட்டுவதற்கு ஒப்பந்தம், மின்கட்டண ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம். இன்றே பள்ளி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஒப்பந்தத்தில் வரப்போகும் முழு முகவரி, பின்வீடு என்றால் அந்த எண்ணோடு. மகள் பிறந்த தேதி, இயர் 9, எந்த மாதம் குடியேறப் போகிறீர்கள். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: அடுத்த ஆண்டு அமலில் இருக்கப்போகும் ஸ்கீமின்படி இந்த முகவரி ஹோம் ஜோனுக்குள் வருகிறதா? தொலைபேசியில் கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவார்கள், ஆனால் ரோட்டின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு 'ஆமாம், ஜோன்தான்' என்று சொல்லிவிடும் ஆபத்து உண்டு. எண்ணோடு எழுத்தில் வாங்குங்கள். வியாழன் மாலை வரை பதில் வரவில்லை என்றால் நேரில் போய் நில்லுங்கள், கையில் முகவரியை எழுதிக்கொண்டு. அதற்குள் ஏஜென்ட் அவசரப்படுத்தினால், பள்ளியிடம் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் கையெழுத்து என்று சொல்லுங்கள். இங்கே அது வழக்கமான கேள்விதான், முகம் சுளிக்க மாட்டார்கள்.

வீட்டு எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று நீங்கள் சொல்லவில்லை. ஸ்கீமில் உங்கள் ரோடு வரும் வரியையும் அதற்கு முந்தைய வரியையும் அப்படியே அனுப்புங்கள், நானும் பார்க்கிறேன்.