நினைவகத்தில் ஒரு பிட் தானாக மாறுவது எப்படி?

கேள்வி: காஸ்மிக் கதிர் பட்டால் ரேமில் ஒரு பிட் மாறிவிடும் என்கிறார்கள். சில்லு கெடாமலேயே அது எப்படி நடக்கும்? என் கணினியில் நடந்தால் எனக்குத் தெரியுமா?

பதில்:

கணினியின் முதன்மை நினைவகமான டி-ரேமில் ஒரு பிட் என்பது ஒரு நுண்ணிய மின்தேக்கியில் தேக்கி வைத்த மின்னூட்டம். கதிர்வீச்சு அந்த மின்னூட்டத்தைக் கலைக்கிறதே தவிர, மின்தேக்கியையோ அதை அடுத்துள்ள டிரான்சிஸ்டரையோ சேதப்படுத்துவதில்லை. அதே இடத்தில் மறுபடி எழுதினால் எழுதியது அப்படியே நிற்கும். இதனால்தான் இதற்கு மென்பிழை என்று பெயர்.

இதை முதலில் தெளிவாகக் கண்டறிந்தவர்கள் இன்டெல் நிறுவனத்தின் டிமோதி மே, முர்ரே வுட்ஸ் ஆகிய இருவர். 1978ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி குற்றவாளி வானத்திலிருந்து வரவில்லை. சில்லைப் பொதிந்திருந்த உறையிலேயே இருந்தது. பீங்கான் போன்ற உறைப் பொருள்களில் மிகச் சிறிய அளவில் யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. அவை சிதையும்போது ஆல்ஃபா துகள்கள் வெளிப்படுகின்றன. ஆல்ஃபா துகளை ஒரு தாளே தடுத்துவிடும் என்பதால், வெளியிலிருந்து அது சில்லை எட்ட வழியில்லை. உறைக்குள்ளேயே பிறந்தால் மட்டும் எட்டும்.

அப்படி எட்டிய துகள் என்ன செய்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 50 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஆல்ஃபா துகள் சிலிக்கானுக்குள் ஏறத்தாழ 25 மைக்ரான் தூரம் ஓடி நிற்கிறது. வழியில் ஒவ்வொரு 3.6 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் ஓர் எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற வெற்றிடமான ஒரு துளையும் இணையாக உருவாகின்றன. வகுத்துப் பார்த்தால் மொத்தம் சுமார் 14 லட்சம் இணைகள். மறுபுறம், 25 ஃபெம்டோஃபாரட் கொண்ட ஒரு மின்தேக்கியில் 1 வோல்ட் வைத்தால் அதில் அடங்குவது சுமார் 1.56 லட்சம் எலக்ட்ரான்களின் மின்னூட்டம் மட்டுமே. துகள் விட்டுச்சென்றதில் சிறு பங்கு ஒரு பிட்டைத் தாங்கும் அந்த ஓர் அறைக்குள் சேர்ந்தாலே போதும் என்பது இந்த இரண்டு எண்களிலிருந்தே புரியும்.

அக்காலச் சில்லுகளில் சேமிப்புப் பகுதி நேர் மின்னழுத்தத்தில் இருந்தது. ஆகவே அருகில் சிதறிய எலக்ட்ரான்களை அது தன் பக்கம் இழுத்துக்கொண்டது. காலியாக இருந்த அறை எலக்ட்ரான்களால் நிரம்பும். ஏற்கெனவே நிரம்பியிருந்த அறையில் சேர்வதற்கு எதுவும் இல்லை. எனவே அறையைப் பொறுத்தவரை மாற்றம் ஒரே திசையில்தான் நிகழ்கிறது. ஆனால் பல டி-ரேம்களில் ஒரு பகுதி அறைகள் மதிப்பைத் தலைகீழாகச் சேமிப்பதால், மென்பொருளின் பார்வையில் 0 என்பது 1 ஆவதும் 1 என்பது 0 ஆவதும் இரண்டுமே நடப்பதாகத் தெரியும்.

மின்னூட்டம் முழுவதும் போக வேண்டியதுகூட இல்லை. டி-ரேமைப் படிக்கும் உணர் பெருக்கி, அறையின் மின்னழுத்தம் பாதிக்கு மேலா கீழா என்று மட்டுமே தீர்மானித்து, தீர்மானித்ததை முழு வலுவுடன் அதே அறையில் திருப்பி எழுதுகிறது. வழக்கமாக 64 மில்லிநொடிக்குள் எல்லா அறைகளும் ஒருமுறை இவ்வாறு புதுப்பிக்கப்படுகின்றன. பாதிக்குச் சற்றுக் கீழே இறங்கிவிட்ட ஓர் அறையை அடுத்த புதுப்பிப்பு ஐயத்துக்கு இடமின்றித் தவறான மதிப்பாக்கிவிடுகிறது. தரவைக் காக்க வைத்த ஏற்பாடே தவறுக்கு முத்திரை குத்துகிறது என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகவே படுகிறது.

உறைப் பொருள்களைத் தூய்மைப்படுத்திய பிறகும் மிஞ்சுவதுதான் நீங்கள் கேட்ட காஸ்மிக் கதிர். விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான்கள் வளிமண்டல அணுக்களில் மோதித் துகள் மழையாகச் சிதறுகின்றன. தரைமட்டத்தில் நினைவகத்துக்குப் பெரும் தொல்லை தருபவை அம்மழையின் நியூட்ரான்கள். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. சிலிக்கானுக்குள் நுழைந்தாலும் பெரும்பாலும் எதையும் செய்யாமல் வெளியேறிவிடும். அரிதாக ஒரு சிலிக்கான் அணுக்கருவில் நேராக மோதினால் அது உடைந்து, கனமான துண்டுகள் சிதறுகின்றன. அத்துண்டுகள் குறுகிய தூரத்திலேயே ஏராளமான மின்னூட்டத்தைக் கொட்டுகின்றன; பிட்டை மாற்றுவது அவைதான். கணினியின் உலோகப் பெட்டி இந்த நியூட்ரான்களைத் தடுக்காது. அவற்றைக் கணிசமாகக் குறைக்கத் தடித்த கான்கிரீட் வேண்டும்.

பிழைக்கு உறை காரணமா, வானம் காரணமா என்று பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. அதே சில்லுகளை மலை உச்சியில் ஒரு முறையும் நிலத்தடியில் ஒரு முறையும் நீண்ட நாள் ஓடவிட்டுப் பிழைகளை எண்ண வேண்டும். உயரத்தில் நியூட்ரான்கள் பெருகுகின்றன. விமானம் பறக்கும் உயரத்தில் அவை கடல்மட்டத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு. நிலத்தடியில் அவை ஏறக்குறைய இல்லாமலே போகின்றன. அங்கும் தொடரும் பிழைகள் பெரும்பாலும் ஆல்ஃபாவின் வேலை, ஏனெனில் உறை சில்லுடனேயே கீழே இறங்கிவிட்டது.

இன்றைய டி-ரேமில் ஒரு பிட்டுக்கு இந்த ஆபத்து 1978ஐவிட மிகக் குறைவு. அறையின் பரப்பு பெரிதும் சுருங்கியது, மின்தேக்கியின் கொள்ளளவு அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. ஆகவே துகள் சிதறவிட்ட மின்னூட்டம் வந்து சேரும் இடம் சிறுத்துவிட்டது. செயலிக்குள் இருக்கும் எஸ்-ரேமில் தேக்கிவைக்கும் மின்னூட்டமே சுருங்கிவிட்டதால், அங்கேதான் கவலை அதிகம்.

உங்கள் கணினியில் நடந்தால் தெரியுமா என்றால், பிழையைத் தானே கண்டறிந்து திருத்தும் ஈசிசி நினைவகம் இல்லாவிட்டால் பெரும்பாலும் தெரியாது. மாறிய பிட் ஒரு படத்தில் இருந்தால் ஒரு புள்ளியின் நிறம் மாறும். முகவரியில் இருந்தால் நிரல் முறிந்து விழும். நினைவகத்தின் பயன்படாத பகுதியில் இருந்தால் எதுவுமே நடக்காது. பெல்ஜியத்தின் ஸ்கார்பீக்கில் 2003 மே 18 அன்று நடந்த தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. அவ்வளவு வாக்குகள் கிடைக்கவே முடியாது என்பதால்தான் அது கண்ணில் பட்டது. 4096 என்பது 2^12, அதாவது ஒரே ஒரு பிட் மாறினால் வரும் வித்தியாசம். வாக்கு அட்டைகளை மீண்டும் எண்ணியபோது பிழை திரும்ப வரவில்லை. மென்பிழையின் எல்லா அடையாளங்களும் இருந்தன. ஆனால் காஸ்மிக் கதிர்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. மென்பிழை தடயம் எதையும் விட்டுச்செல்வதில்லை.

ஈசிசி இருந்தால் நிலைமை வேறு. பொதுவாக 64 பிட் தரவுடன் 8 சரிபார்ப்பு பிட்களும் சேமிக்கப்படுகின்றன. ஒரு பிட் மாறினால் படிக்கும்போதே திருத்தப்படும், இரண்டு மாறினால் திருத்த முடியாவிட்டாலும் கண்டுபிடிக்கப்படும். ஒரே 64 பிட் தொகுதியில் இரண்டாவது பிட் மாறுவதற்குள் முதலாவதைத் திருத்திவிட, சர்வர்கள் நினைவகம் முழுவதையும் பின்னணியில் அவ்வப்போது படித்துத் திருத்திக்கொண்டே இருக்கும். லினக்ஸில் இந்த எண்ணிக்கையைப் பார்க்கலாம்:

```
cat /sys/devices/system/edac/mc/mc0/ce_count
cat /sys/devices/system/edac/mc/mc0/ue_count
```

முதலாவது திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது திருத்த முடியாதவற்றினுடையது. எப்போதோ ஒரு பிழை வந்து, மறுபடி அதே முகவரியில் வராவிட்டால் அதை மென்பிழை எனக் கொள்ளலாம். அதே நினைவக மாட்யூலில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் வானத்தைக் குறை சொல்லாமல் மாட்யூலை மாற்றிவிடுங்கள். கூகுள் சர்வர்களைப் பற்றி 2009இல் வெளியான ஆய்வில் ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட மாட்யூல்களில் பிழைகள் காணப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி வன்பொருள் பழுதுகளாகவே தெரிந்தன.