ஈட்டுறுதியும் பொறுப்பு வரம்பும்: சிறிய வடிவமைப்பு நிறுவனங்களுக்கான கேள்வி பதில்

கேள்வி: கோவையில் ஆறு பேர் வேலை செய்யும் வடிவமைப்பு நிறுவனம் நடத்துகிறேன். எங்கள் பொறுப்பு கட்டணத்தைத் தாண்டாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கையெழுத்திடலாமா?

பதில்: அந்த வாக்கியம் எப்படித் தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள். "ஈட்டுறுதிப் பிரிவு நீங்கலாக" என்று தொடங்கினால், உங்களைக் காக்க வேண்டிய வரம்பு மிகவும் தேவைப்படும் இடத்தில் இல்லாமல் போகிறது. ஈட்டுறுதி என்பது, வாடிக்கையாளருக்கு வரும் இழப்பை ஈடுசெய்வதாக நீங்கள் தரும் வாக்குறுதி.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தின்பண்ட உறை ஒன்றை வடிவமைக்க 3 லட்சம் ரூபாய் வாங்குகிறீர்கள். உங்கள் வடிவமைப்பாளர், சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் உரிமம் உள்ள எழுத்துருவில் பெயரை அமைத்துவிடுகிறார். உறை கடைக்கு வந்த பிறகு எழுத்துரு நிறுவனம் நோட்டீஸ் அனுப்ப, வாடிக்கையாளர் 4 லட்சம் கொடுத்துச் சமரசம் செய்கிறார். வக்கீல் செலவு 1 லட்சம். கிராவ்யூர் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர் உண்டு என்பதால், எழுத்து மாறியதும் அந்தச் சிலிண்டர்களைப் புதிதாகச் செதுக்க வேண்டும், அச்சடித்த சுருள்களையும் கழிக்க வேண்டும். அதற்கு 7 லட்சம். ஆக மொத்தம் 12 லட்சம். வரம்பு ஈட்டுறுதிக்கும் பொருந்தியிருந்தால் உங்கள் பொறுப்பு 3 லட்சத்தோடு நின்றிருக்கும். "நீங்கலாக" என்ற ஒரு சொல்லால் முழுத் தொகையும் உங்கள் தலையில் விழலாம்.

எனவே வரம்பு ஈட்டுறுதிக்கும் பொருந்தும் என்று எழுதக் கேளுங்கள். வாடிக்கையாளர் இதற்கு இணங்க மறுத்தால், பொதுவான பொறுப்புக்குக் கட்டணத்தின் அளவும், அறிவுசார் சொத்துரிமை மீறலுக்கு மட்டும் அதன் இரு மடங்கும் என இரண்டு வரம்புகள் கேளுங்கள். மேலே உள்ள கணக்கில் இரண்டாவது வரம்பு 6 லட்சம்.

கேள்வி: நான் கணக்காளர். இந்திய ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவே மறைமுக இழப்புக்கு ஈடு இல்லை என்கிறது. பிறகு வரம்பு எதற்கு?

பதில்: நீங்கள் சொல்வதில் பாதி சரி. தொலைவான, மறைமுகமான இழப்பை 73 விலக்குகிறது. ஆனால் நேரடி இழப்புக்கு அது உச்சத் தொகை எதையும் வைக்கவில்லை. கழித்த சுருள்கள் நேரடி இழப்பு என்றுதான் வாடிக்கையாளரின் வக்கீல் வாதிடுவார்.

கேள்வி: அப்படியானால் ஈட்டுறுதியும் 73க்குள்தானே வரும்? எல்லாம் ஒப்பந்த மீறல்தானே?

பதில்: வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. மீறலுக்கான ஈடு 73இல் வருகிறது. ஈட்டுறுதியோ 124, 125ஆம் பிரிவுகளில் தனி வாக்குறுதியாக நிற்கிறது. உங்கள் செயலால் மட்டுமன்றி, மூன்றாம் நபரின் செயலால் வரும் இழப்பிலிருந்தும் காப்பதாக அதில் வாக்களிக்கலாம். வழக்கில் செலுத்த நேர்ந்த ஈடு, வழக்குச் செலவு, விவேகமான சமரசத் தொகை ஆகியவற்றை 125 மீட்டுத் தருகிறது. 73இன் தொலைவு விதி அப்படியே இதற்கும் பொருந்துமா என்பதில் வக்கீல்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்தை உங்கள் பணத்தில் நடத்த வேண்டியதில்லை. மறைமுக இழப்பும் இலாப இழப்பும் ஈட்டுறுதியிலும் சேராது என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

சமரசம் உங்கள் உத்தரவுக்கு முரணாக இருக்கக் கூடாது என்பதும் 125இன் நிபந்தனை. ஆகவே கோரிக்கை வந்ததும் உடனே எழுத்தில் அறிவிக்க வேண்டும், எதிர்வாதமும் சமரசமும் உங்கள் ஒப்புதலோடு நடக்க வேண்டும் என்ற இரு வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்துரு நிறுவனத்திடம் நீங்களே பேசியிருந்தால், ஒருவேளை உரிமக் கட்டணத்தோடு முடிந்திருக்கும்.

கேள்வி: என் வாடிக்கையாளர் ஐந்து மாதமாகப் பணம் தரவில்லை. ஈட்டுறுதிப்படி கேட்கலாமா?

பதில்: இல்லை, அது கடன் பாக்கி. வேலையை ஒப்படைக்கும் முன்பே உத்யம் பதிவு வைத்திருந்தீர்களானால், 2006ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டம் பணம் தருவதற்கு வைத்துள்ள 45 நாள் வரம்பைப் பாருங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் வாட்ஸாப்பில் அனுப்பிய படத்தைப் போட்டோம். யாரோ உரிமை கோருகிறார்கள். நாங்கள் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?

பதில்: வாடிக்கையாளர் தந்த படம், வாசகம், வணிகச் சின்னம் ஆகியவற்றை விலக்கி எழுதாவிட்டால் நீங்கள் பொறுப்பேற்க நேரலாம். அவற்றுக்கு வாடிக்கையாளர் உங்களுக்கு ஈட்டுறுதி தர வேண்டும் என்று எழுதுங்கள். படம் வந்த செய்தியை அழிக்காதீர்கள். யார் எந்தத் தேதியில் அனுப்பினார் என்பதற்கு அதுதான் சான்று.

கேள்வி: எங்கள் ஒப்பந்தத்தில் வரம்பு உள்ளது, போதுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். வாக்கியத்தின் தொடக்கம், வாக்கியத்தின் தொடக்கம்.

கேள்வி: வரம்பும் உண்டு, தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடும் உண்டு. கவலை இல்லை அல்லவா?

பதில்: மறுபடியும் அதே "நீங்கலாக"வைத் தேடுங்கள். பிறகு பாலிசியின் விலக்குகளைப் பாருங்கள். சட்டப்படி வரும் பொறுப்பைத் தாண்டி ஒப்பந்தத்தில் நீங்களாக ஏற்றுக்கொண்ட பொறுப்பைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. கையெழுத்திடும் முன் அந்த ஈட்டுறுதிப் பிரிவையே காப்பீட்டு முகவருக்கு அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: நாங்கள் இருவர் கூட்டாண்மை நிறுவனம். வீடு பாதிக்கப்படுமா?

பதில்: பாதிக்கப்படலாம். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் 25ஆம் பிரிவின்படி, நிறுவனத்தின் கடமைக்குக் கூட்டாளிகள் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. பெரிய நிறுவனத்தின் ஒப்பந்தத்தை ஏற்கும் முன், வரம்பிட்ட பொறுப்புக் கூட்டாண்மையாக மாறுவதைப் பற்றி உங்கள் ஆடிட்டரிடம் பேசுங்கள். பழைய ஒப்பந்தங்களின் பொறுப்பு அதனால் நீங்காது.