நோட்டீஸுக்குப் பதிலே இல்லை: கம்பெனியைக் கலைக்க மனுப் போடலாமா?

“கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலைக்குத் தகர டின் கொடுத்தேன். ரூ.1.20 கோடி பாக்கி. வக்கீல் நோட்டீஸுக்கும் பதில் இல்லை. கம்பெனியைக் கலைக்க மனுப் போடலாமா?”

நேரடியாக முடியாது. கடன் பாக்கிக்காகக் கலைக்கக் கோரும் பழைய வழியை 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம் மாற்றிவிட்டது. சாதாரண வக்கீல் நோட்டீஸும் போதாது; அச்சட்டத்தின் 8-ஆவது பிரிவுப்படி உரிய படிவத்தில், பில் நகல்களுடன் அனுப்புங்கள். அது கிடைத்த 10 நாட்களில் பணமோ தகராறு அறிவிப்போ வராவிட்டால், 9-ஆவது பிரிவின்கீழ் சென்னையிலுள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தை அணுகலாம். பாக்கி குறைந்தது ரூ.1 கோடி இருக்க வேண்டும். மனுவுக்கு முன்பே அவர்கள் ரூ.25 லட்சம் கட்டிவிட்டால் ரூ.95 லட்சத்துக்கு இந்த வழி அடைபடும்; பிறகு உரிமையியல் வழக்குதான்.

மௌனத்தை மட்டும் நம்பாதீர்கள். ‘டின் கசிகிறது’ என்று நோட்டீஸுக்கு முன்பே அவர்கள் எழுதிய ஒரு மின்னஞ்சல் இருந்தால், அதைத் தீர்ப்பாயத்தில் காட்டி மனுவை வீழ்த்தலாம். பழைய கடிதங்களை இன்றே புரட்டுங்கள். நிலுவையை ஒப்புக்கொண்டு அவர்கள் கையெழுத்திட்ட கணக்கு உறுதிக் கடிதம் இருந்தால், அதுவே உங்கள் வலுவான சான்று.

மனு ஏற்கப்பட்டாலும் முதலில் நடப்பது கம்பெனியை மீட்டெடுக்கும் முயற்சி. அது தோற்றால்தான் கலைப்பு. கலைப்பில் ஈடு பெற்ற வங்கிகளுக்குப் பிறகே உங்கள் முறை வரும்.