இடையில் சேர்ந்தவருக்கு போனஸ் உண்டா?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறேன். 2024 நவம்பர் 11 அன்று சேர்ந்தேன். கைக்கு வருவது 17,500 ரூபாய். அதில் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 12,600. 2024-25க்கான தீபாவளி போனஸ் நோட்டீஸில், "ஓராண்டு முடித்தவர்களுக்கு ஒரு மாத போனஸ். இடையில் சேர்ந்தவர்களுக்கு நிர்வாகத்தின் விருப்பப்படி அன்பளிப்பு. தீபாவளி அன்று பணியில் இருப்பவர்களுக்கு மட்டும்" என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு போனஸ் உண்டா, எவ்வளவு? என்னோடு வேலைக்குச் சேர்ந்து, ஜூலையில் வேலையை விட்டுவிட்ட தோழிக்கு எதுவுமே கிடையாதா?

பதில்: உண்டு. உங்களுக்கும் உண்டு, உங்கள் தோழிக்கும் உண்டு. 2024-25க்குப் பொருந்துவது, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம். நோட்டீஸின் மூன்று வரிகளில் எதுவும் அதன் முன் நிற்காது.

அந்தச் சட்டம் ஓராண்டு சேவை கேட்கவே இல்லை. கணக்காண்டில் 30 வேலை நாட்கள் வேலை பார்த்திருந்தால் போதும். கணக்காண்டு என்பது பெரும்பாலான கம்பெனிகளில் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. தீபாவளிக்குத் தீபாவளி இல்லை. இந்தக் குழப்பத்தில்தான் பாதிச் சண்டை நடக்கிறது. 2025 மே மாதம் சேர்ந்த ஒருவர் 2025 தீபாவளிக்கு போனஸ் கேட்டால், கம்பெனி இல்லை என்பது சரிதான். அவர் கணக்கு அடுத்த ஆண்டில் வரும். நீங்களோ 2024-25க்குள் நான்கரை மாதத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறீர்கள்.

விளிம்பில் இருப்பவர்களுக்கு மட்டும் நாளை எண்ணிப் பார்க்க வேண்டி வரும். ஞாயிறு மட்டும் விடுமுறை என்றால், 2025 பிப்ரவரி 25 செவ்வாய்க்கிழமை சேர்ந்தவருக்கு மார்ச் 31க்குள் சரியாக 30 வேலை நாள் வரும். ஒரு நாள் சம்பளமில்லா லீவு எடுத்திருந்தாலும் 29 ஆகிவிடும், போனஸ் போய்விடும். சம்பளத்தோடு எடுத்த லீவு வேலை நாளாகவே எண்ணப்படும். பிரசவ விடுப்பும் அப்படித்தான்.

அடுத்தது, தகுதிக்கான சம்பள வரம்பு. மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. ஆனால் இங்கே சம்பளம் என்றால் பேசிக்கும் டி.ஏ.வும்தான். வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி, ஓவர்டைம் எதுவும் சேராது. மொத்தச் சம்பளம் 24,000 வாங்குகிறவரை "நீங்கள் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்" என்று ஒதுக்கியிருந்தால், முதலில் சம்பளச் சீட்டில் பேசிக்கும் டி.ஏ.வும் எவ்வளவு என்று பாருங்கள். உங்களுக்கு 12,600. இந்தக் கேள்வியே எழவில்லை.

இனித் தொகைக்கு வருவோம். குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். கம்பெனி நஷ்டத்தில் ஓடினாலும் இதைக் கொடுத்தாக வேண்டும். உச்சம் 20 சதவீதம். எதன் மேல் இந்தச் சதவீதம் என்பதில்தான் கை வைப்பார்கள். மாதச் சம்பளம் கூடுதலாக இருந்தால், 7,000 ரூபாய் அல்லது அந்தத் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம், இரண்டில் எது அதிகமோ அதன் மேல் கணக்கிட வேண்டும். 'எது அதிகமோ' என்ற இரண்டு சொல்லை விட்டுவிட்டு, நேராக 7,000த்தில் நிற்பதுதான் வழக்கமான தந்திரம். உங்கள் தொழிற்பிரிவின் 2024-25 குறைந்தபட்ச ஊதியத்தைத் தமிழக தொழிலாளர் துறையில் கேட்டு வாங்குங்கள். டி.ஏ. ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும் என்பதால் நடப்பு ஆண்டுத் தொகையைக் கொண்டுபோய்ச் சண்டை போடாதீர்கள்.

அது மாதம் 12,000 என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் 12,600 அதைவிட அதிகம், ஆகவே 12,000த்தில் கணக்கு. நவம்பரில் 11 முதல் 30 வரை 20 நாள்: 12,000ஐ 30ஆல் வகுத்து 20ஆல் பெருக்கினால் 8,000. டிசம்பர் முதல் மார்ச் வரை நான்கு மாதம்: 48,000. ஆக 56,000. இதில் 8.33 சதவீதம் 4,665 ரூபாய். இதையே 7,000த்தில் போட்டால் 2,721 வரும். நீங்கள் இழப்பது 1,944 ரூபாய். சம்பளமில்லா லீவு எடுத்திருந்தால் அந்த நாட்களின் சம்பளம் 56,000த்தில் குறையும், அவ்வளவுதான்.

இடையில் சேர்ந்தவர்கள் ஏமாறும் முக்கியமான இடம் இனிதான் வருகிறது. இந்த 4,665ஐப் போட்ட பிறகு, "நீங்கள் முழு ஆண்டு வேலை பார்க்கவில்லையே, 141 நாள்தானே" என்று இன்னொரு முறை 365க்கு 141 என்று வெட்டுவார்கள். கையில் வருவது 1,802. இது ஒரே காரணத்துக்கு இரண்டு வெட்டு. நவம்பருக்கு முன்னால் உங்களுக்குச் சம்பளமே இல்லை. 56,000 என்பதே குறைந்த நாட்களின் சம்பளம். இடையில் சேர்ந்ததற்கான குறைப்பு அங்கேயே முடிந்துவிட்டது. நாள் விகிதத்தில் வெட்டச் சட்டம் சொல்வது வேறு ஒன்றை. 8.33 சதவீதம் 100 ரூபாயைவிடக் குறைந்தால் குறைந்தபட்சம் 100 ரூபாய் தர வேண்டும் என்று ஒரு விதி உண்டு. ஆண்டு முழுக்க வேலை பார்க்காதவருக்கு அந்த 100ஐத்தான் விகிதப்படி குறைக்கலாம். இன்றைக்கு யாருக்கும் பொருந்தாத அந்த 100 ரூபாய் விதியை எடுத்து 4,665 மேல் பூட்டுகிறார்கள். இதைச் செய்கிற அக்கவுண்டன்ட் பலருக்குத் தான் தவறு செய்கிறோம் என்பதே தெரியாது. கேட்டால், "எக்செல் ஷீட்டில் அப்படித்தான் ஃபார்முலா இருக்கிறது" என்பார்கள்.

அந்த ஷீட் எங்கிருந்து வருகிறது? நடுத்தரக் கம்பெனிகளில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பார்க்கும் கன்சல்டன்ட் ஒருவர்தான் போனஸ் நோட்டீஸும் எழுதித் தருவார். ஒரே நோட்டீஸ், முப்பது கம்பெனிக்கு, பெயரை மட்டும் மாற்றி. வரம்பு 10,000, கணக்கு 3,500 என்று இருந்த காலத்து நோட்டீஸைக்கூட இன்னமும் சிலர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது 2014 ஏப்ரல் முதலே 21,000, 7,000 என்று மாறிவிட்டது. மாறி இத்தனை ஆண்டாகியும் 2024-25இலும் 7,000 அப்படியே நின்றதும் வேடிக்கைதான். அரிசி விலை ஏறியது, இது மட்டும் ஏறவில்லை.

அரசு நிறுவனங்களுக்கு அறிவிக்கும் 16,800 ரூபாயைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் அது வரும் என்று நினைக்காதீர்கள். 7,000ஐ 12 மாதத்தால் பெருக்கி 20 சதவீதம் போட்டால் வருவதுதான் அது. அதிலும் 8.33 போனஸ், மீதி 11.67 கருணைத் தொகை என்று பிரித்துச் சொல்வார்கள். அந்தப் பிரிவை உங்கள் நோட்டீஸிலும் தேடுங்கள். போனஸ் 8.33க்கு மேல் அறிவித்திருந்தால் அதே சதவீதம் உங்கள் 56,000த்துக்கும் பொருந்தும். 12 என்றால் 6,720. ஆனால் அதற்கு மேல் 'கருணைத் தொகை' என்று தனியாகத் தந்தால் அதற்கு நிர்வாகம் தன் நிபந்தனையைப் போடலாம். உங்கள் நோட்டீஸில் இருக்கிற 'அன்பளிப்பு' என்ற சொல் ஆபத்தானது. அன்பளிப்பு விருப்பப்படி தருவது; போனஸ் கடமை. வவுச்சரில் அன்பளிப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால், போனஸ் வந்ததாக நீங்கள் ஒப்புக்கொண்டதாகப் பின்னால் சொல்வார்கள்.

தோழி விஷயத்துக்கு வருகிறேன். "தீபாவளி அன்று பணியில் இருக்க வேண்டும்" என்று சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. போனஸ் முடிந்துபோன ஆண்டின் வேலைக்கானது. அந்தப் பெண் மார்ச் 31 வரை வேலை பார்த்துவிட்டு ஜூலையில் நின்றிருந்தாலும், 2024-25க்கு அவருக்கும் உங்கள் அளவுதான். ஜனவரியிலேயே நின்றிருந்தாலும் 30 வேலை நாள் தாண்டியிருந்தால் அதுவரையிலான சம்பளத்துக்கு போனஸ் உண்டு. தானாக ராஜினாமா செய்தவர், கம்பெனி நிறுத்தியவர், புரொபேஷன் காலத்திலேயே போனவர் எல்லாருக்கும் இதுதான். தகுதி இழக்கிறவர் ஒருவர்தான்: மோசடி, கம்பெனிக்குள் அடிதடி, திருட்டு, கையாடல், நாசவேலை ஆகியவற்றுக்காக டிஸ்மிஸ் ஆனவர். சொல்லாமல் நின்றதும் மேனேஜரோடு வாக்குவாதம் செய்ததும் இதில் வராது. சிக்கல் என்னவென்றால், நின்றுபோனவரை யாரும் கூப்பிட்டுத் தர மாட்டார்கள். அவர் வங்கிக் கணக்கு எண்ணோடு ஒரு கடிதம் எழுதி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். வாட்ஸாப்பில் கேட்டால் 'பார்க்கலாம்' என்று பதில் வரும். அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

பணம் தர வேண்டிய கெடு கணக்காண்டு முடிந்து 8 மாதம், அதாவது 2025 நவம்பர் 30. தீபாவளிக்கு முன் தருவது நம் ஊர் வழக்கம், சட்டம் இல்லை. எனவே அக்டோபர் 20 தீபாவளிக்கு வரவில்லை என்று அன்றே புகார் எழுதாதீர்கள். அலுவலகத்தில் அதைக் காட்டியே திருப்பி அனுப்புவார்கள். கெடு தாண்டினால் தொழிலாளர் துறையில் எழுத்துப் புகார் கொடுங்கள். அலைய விடுவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சட்டத்தை மீறிய முதலாளிக்கு ஆறு மாதச் சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 1965இல் எழுதினார்கள். அந்த ஆயிரத்துக்கு யார் பயந்தார்கள்?

அதனால் பணம் வாங்குகிற நாளிலேயே கவனமாக இருப்பது நல்லது. கையெழுத்துப் போடச் சொல்லும் போனஸ் பதிவேடு 'சி' படிவம் எனப்படும். உங்கள் பெயருக்கு நேராக வேலை பார்த்த நாட்கள், ஆண்டின் மொத்தச் சம்பளம், போனஸ் தொகை, முன்பே தந்த போனஸுக்கான பிடித்தம், கடைசியில் கையில் தரும் தொகை என்று கட்டங்கள் இருக்கும். சம்பளக் கட்டத்தில் 56,000 போல ஒரு தொகையும், போனஸ் கட்டத்தில் அதன் 8.33 சதவீதமும் இருந்தால் சரி. சம்பளக் கட்டம் சரியாக இருந்து போனஸ் மட்டும் பாதிக்குக் கீழே இருந்தால் இரண்டு வெட்டு விழுந்திருக்கிறது. பிடித்தக் கட்டத்தில் தொகை இருந்தால், அது மாதாமாதம் 'போனஸ் அட்வான்ஸ்' என்று சம்பளச் சீட்டில் உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். கட்டங்கள் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பக்கத்தைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.