மெதுவாகச் சுற்றும் ஃபேன்

"மில்லுல வேலை போயிடுச்சு. எங்க தெருவுல பாதி வீட்ல சீலிங் ஃபேன் மெதுவாத்தான் ஓடுது. இதையே தொழிலா எடுக்கலாமா?"

எடுக்கலாம்ங்க. முதல்ல கண்டென்சர் வேலையை மட்டும் பிடிங்க. மெயினை அணைச்சுட்டு இறக்கையைக் கையால தள்ளிவிடுங்க. சிக்காம, சத்தமில்லாம சுத்துனா பேரிங் நல்லாயிருக்கு. கோளாறு பெரும்பாலும் கண்டென்சர்தான். கழட்டுறதுக்கு முன்னாடி அதுல தேங்கின கரண்டை ஒரு ரெசிஸ்டர் வச்சு இறக்கிடுங்க. அப்புறம் கண்டென்சர் அளக்குற மல்டிமீட்டர்ல அளங்க. மேல 2.5 மைக்ரோஃபாரட்னு எழுதியிருந்து, 2-க்குக் கீழே காட்டினா மாத்திடலாம்.

அதே அளவுதான் போடணும். இன்னும் வேகம் வேணும்னு வீட்டுக்காரங்க கேப்பாங்க. அதுக்காக 4 போட்டா காயில் சூடேறிக் கருகும், பழி உங்க தலையில. புதுசு போட்டும் வேகம் வரலைன்னா ரெகுலேட்டரையும் வீட்டு வோல்டேஜையும் பாருங்க. பிஎல்டிசி ஃபேனை இப்போதைக்குத் தொடாதீங்க, அது எலக்ட்ரானிக் போர்டு வேலை.