திறக்காத வாசலும் 90-வது நிமிடமும்

கேள்வி: பல ஆண்டுகளாக மலச்சிக்கல், வயிற்று உப்புசம். மேனோமெட்ரியில், முக்கும்போது ஆசனவாய் தளரவில்லை, பலூனை இரண்டு நிமிடத்தில் வெளியேற்ற முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். லாக்டுலோஸ் என்ற சர்க்கரையைக் குடித்துச் செய்த மூச்சுப் பரிசோதனையில் ஹைட்ரஜன் தொடக்கத்தில் 6, 75-வது நிமிடத்தில் 12, 90-வது நிமிடத்தில் 29 பிபிஎம். 'பாசிட்டிவ்' என்கிறது அறிக்கை. மீத்தேன் 3-ஐத் தாண்டவில்லை. எதை நம்புவது?

பதில்: மேனோமெட்ரியை, அதுவும் பலூன் சோதனையோடு சேர்த்து.

அழுத்தம் உணரும் மெல்லிய குழாயை ஆசனவாய்க்குள் வைத்து, சும்மா இருக்கும்போதும் இறுக்கும்போதும் முக்கும்போதும் அழுத்தம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் மேனோமெட்ரி. முக்கும்போது மலக்குடலில் அழுத்தம் ஏற வேண்டும். அதே நொடியில் ஆசனவாயில் அது இறங்க வேண்டும். உங்களுக்கு இறங்கவில்லை. ஆனால், ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, குழாயோடு, அந்நியர் முன்னிலையில் முக்கச் சொன்னால் நோயற்றவர்களில் பலருக்கும் ஆசனவாய் தளர்வதில்லை, கூச்சமே போதும். ஆகவே அந்த ஒரு வரியை மட்டும் வைத்து நான் நோயை உறுதி செய்ய மாட்டேன். மலக்குடலுக்குள் வைத்து 50 மில்லி நீர் நிரப்பிய பலூனைக் கழிப்பிருக்கையில் அமர்ந்து வெளியேற்ற, இயல்பாகப் பெரும்பாலோருக்கு ஒரு நிமிடமே போதும். அதிலும் நீங்கள் தடுமாறியிருப்பதால், இரண்டும் ஒன்றையே சொல்கின்றன: வெளியேற்றும் வாசல் உரிய நேரத்தில் திறப்பதில்லை.

மூச்சுப் பரிசோதனையின் கதை வேறு. நம் உடலின் செல்கள் ஹைட்ரஜனை உண்டாக்குவதில்லை. குடல் பாக்டீரியாக்கள் சர்க்கரையை நொதிக்கச் செய்யும்போது பிறக்கும் வாயு, இரத்தத்தில் கலந்து மூச்சில் வெளிவருகிறது. தொடக்க அளவிலிருந்து 90 நிமிடத்துக்குள் 20 பிபிஎம் கூடினால், சிறுகுடலில் பாக்டீரியாக்கள் பெருகியிருக்கின்றன என்று கொள்வது வழக்கம். உங்களுக்கு 23 கூடியிருப்பதால் 'பாசிட்டிவ்' என்று அச்சாகிவிட்டது. ஆனால் லாக்டுலோஸை நம் உடல் உறிஞ்சாது. அது எப்படியும் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும், அங்கே எல்லாருக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. 75-வது நிமிடம் வரை 12-லேயே நின்று, கெடு முடியும் வேளையில் திடீரென ஏறியிருப்பதைப் பார்த்தால், அது பெருங்குடலை எட்டிய நேரமாகவும் இருக்கலாம். 30 அல்லது 45-வது நிமிடத்திலேயே ஏறியிருந்தால் என் ஐயம் குறைந்திருக்கும். மலச்சிக்கலோடு தொடர்புபடுத்தப்படும் மீத்தேன் 10-ஐத் தொட்டிருந்தாலும் வேறு விதமாக யோசித்திருப்பேன்.

எனவே இந்த அறிக்கையை மட்டும் நம்பி ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஆசனவாயைத் தளர்த்தி முக்கக் கற்றுத்தரும் பயோஃபீட்பேக் பயிற்சி முதலில் நடக்கட்டும். மலம் தேங்கிக் கிடப்பதாலும் உப்புசம் வரும். பயிற்சிக்குப் பிறகும் உப்புசம் நீடித்தால், சிறுகுடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும் குளுக்கோஸைக் கொண்டு மூச்சுப் பரிசோதனையைத் திரும்பச் செய்யலாம். அதற்கு முந்தைய நான்கு வாரங்களில் ஆன்டிபயாடிக் எதுவும் எடுத்திருக்கக் கூடாது.